விளம்பர வாசகத்தில் எதுகை, மோனை: பொருள் வளையாமல் ஓசை சேர்ப்பது குறித்த கேள்விகள்

நாலு சொல் வாசகத்துக்கு யாப்பிலக்கணம் எல்லாம் படிக்க வேண்டுமா?

முழுவதும் வேண்டியதில்லை. மோனை, எதுகை, இயைபு ஆகிய மூன்றும் எந்த இடத்தில் ஒலிக்கின்றன என்பது தெரிந்தால் போதும். சொற்களின் முதல் எழுத்து ஒன்றி வந்தால் மோனை. இரண்டாம் எழுத்து ஒன்றி வந்து, முதல் எழுத்துகள் இரண்டும் குறிலாகவோ இரண்டும் நெடிலாகவோ இருந்தால் எதுகை. சொற்களின் இறுதி ஒன்றினால் இயைபு. "ஆடிப் பட்டம் தேடி விதை" என்ற பழமொழியில் ஆடி, தேடி என்பவை எதுகை. இரண்டிலும் முதல் எழுத்து நெடில், இரண்டாவது 'டி'. "பட்டு", "பாட்டு" என்று எழுதினால் இரண்டாம் எழுத்து ஒன்றுதான் என்றாலும், ஒன்று குறிலிலும் மற்றது நெடிலிலும் தொடங்குவதால் அது எதுகை ஆகாது. இந்த அளவு விதியைக் கவனிக்காமல் விடுவதால்தான் பல வாசகங்கள் காகிதத்தில் பொருந்துவதுபோலத் தெரிந்து, வாயில் சொல்லும்போது தடுக்குகின்றன.

மோனை என்றால் அதே எழுத்துதான் வர வேண்டுமா? 'க'வுக்கு 'க' மட்டும்தானா?

இல்லை. உயிரெழுத்துகள் மூன்று குழுக்களாக நின்று மோனை கொள்ளும். அ, ஆ, ஐ, ஔ ஒரு குழு. இ, ஈ, எ, ஏ ஒரு குழு. உ, ஊ, ஒ, ஓ ஒரு குழு. மெய்யோடு சேர்ந்து வரும்போதும் இதே கணக்குத்தான்: 'க'வுக்கு 'கா', 'கை' மோனையாகும், 'கி'க்குக் 'கெ', 'கே' மோனையாகும். இவை தவிர ச-த, ஞ-ந, ம-வ ஆகிய இணைகளும் தமக்குள் மோனையாக ஏற்கப்படும். ஆகவே "வேகம் விவேகம் அல்ல" என்ற சாலையோர வாசகத்தில் 'வே', 'வி' இரண்டும் ஒரே குழுவைச் சேர்ந்த முறையான மோனை.

"குடி குடியைக் கெடுக்கும்" என்பதில் முதல் இரண்டு சொற்களும் ஒரே எழுத்தில் தொடங்குகின்றன. மூன்றாவதாக வரும் 'கெ' இலக்கணப்படி 'கு'வின் குழுவில் இல்லை. ஆனாலும் ககர ஓசை தொடர்வதால் காது அதை மறுப்பதில்லை. வாசகம் எழுதுபவர் இவ்வளவு நெகிழ்வை எடுத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து. முதல் இரண்டு சொற்கள் உறுதியாக நின்றுவிட்டால் மூன்றாவது சற்றுத் தளர்ந்தும் வரலாம்.

பேச்சில் எல்லோரும் சொற்களைக் குறுக்கித்தானே சொல்கிறார்கள், அப்போது ஓசை கெடாதா?

இயைபு பெரும்பாலும் கெடும். எதுகையும் மோனையும் பெரும்பாலும் கெடாது. பேச்சுத் தமிழ் சொற்களின் கடைசியைத்தான் தேய்க்கிறது. எண்ணெய் என்பது 'எண்ண' ஆகிறது, வீட்டில் என்பது 'வீட்ல' ஆகிறது, வந்தால் என்பது 'வந்தா' ஆகிறது. "எண்ணெய்" என்ற சொல்லுக்கு "மெய்" என்பதை இறுதியில் இணைத்து ஒருவர் வாசகம் எழுதினால், பலகையில் அது ஒன்றும். கடைக்கு வருகிறவர் வாயில் ஒன்றாது. அதே 'எண்ணெய்'க்குக் 'கண்' என்பதை எதுகையாக வைத்தால், எவ்வளவு தேய்த்துச் சொன்னாலும் 'ண்' அப்படியே நிற்கும்.

சொல்லின் தலைப்பக்கத்தில் பேச்சு செய்யும் முக்கியமான மாற்றம், இலை 'எல' ஆவதும் உடம்பு 'ஒடம்பு' ஆவதும்தான். இகரம் எகரமாகிறது, உகரம் ஒகரமாகிறது. இரண்டு மாற்றங்களும் மேலே சொன்ன மோனைக் குழுக்களுக்கு உள்ளேயே நடக்கின்றன. ஆகவே எழுத்தில் மோனையாக இருந்தது பேச்சிலும் மோனையாகவே நிற்கிறது. வானொலிக்கும் பலகைக்கும் ஒரே வாசகத்தைப் பயன்படுத்த விரும்புகிறவர்கள் ஓசையைச் சொல்லின் தலையில் வைப்பதற்கு இதைவிட நல்ல காரணம் தேவையில்லை.

பொருளை வளைத்துவிட்டேனா என்று எனக்கே எப்படித் தெரியும்?

வாசகத்தில் ஓசைக்காக நிற்கும் சொல்லை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் இயல்பாக வந்திருக்க வேண்டிய சொல் எது என்று பாருங்கள். நீங்கள் எடுத்த சொல்லும் அந்தச் சொல்லும் ஒரே பொருளைச் சொன்னால் குறையில்லை. ஓசை, இருந்த சொற்களுக்குள் ஒன்றைத் தேர்ந்திருக்கிறது. இரண்டும் வேறு பொருள் சொன்னால், ஓசை வெளியிலிருந்து ஒரு சொல்லை இழுத்து வந்திருக்கிறது. வளைவு தொடங்குவது அங்கேதான்.

மரச்செக்கு எண்ணெய்க் கடை ஒன்றுக்கு "செக்கில் சிந்திய எண்ணெய்" என்று எழுதினால், 'செ', 'சி' மோனை சரியாகவே இருக்கும். ஆனால் செக்கில் எண்ணெயை ஆட்டுவார்கள். சிந்துவது என்பது வீணாவது. வீட்டில் எண்ணெய் சிந்தினால் முகம் சுளிக்கிறவர்களே அதிகம். தொழிலுக்கு உரிய வினை 'ஆட்டுதல்' என்று இருக்கும்போது அதை விட்டு வேறு வினைக்குப் போனதே அங்கே நடந்த தவறு. தொழிலின் சொந்த வினையை மாற்றியிருந்தால், மோனை எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்த வாசகத்தைக் கைவிடுவதே நல்லது.

இன்னொரு அடையாளம் அடைமொழிகள் குவிவது. "சுத்தமான, சுவையான, சுகமான சுண்டல்" என்பதில் நான்கு சொற்களும் மோனை கொள்கின்றன. முதல் இரண்டும் எந்த உணவுக்கும் பொருந்தும். மூன்றாவது எந்த உணவுக்கும் பொருந்தாது. அடைமொழிகள் மலிவாகக் கிடைப்பதால் ஓசைக்குப் பஞ்சம் இருக்காது, பொருளுக்குத்தான் பஞ்சம் வரும். ஓசை சேரும் இரண்டு சொற்களும் வாசகத்தின் பெயர்ச்சொல்லாகவோ வினையாகவோ இருந்தால், அதாவது நீங்கள் விற்கும் பொருளாகவோ நீங்கள் செய்யும் செயலாகவோ இருந்தால், இந்தக் குறை பெரும்பாலும் எழாது.

ஒரு வாசகத்தை முதலிலிருந்து கடைசிவரை எழுதிக் காட்ட முடியுமா?

அதே செக்கு எண்ணெய்க் கடையையே எடுத்துக்கொள்கிறேன். வாடிக்கையாளர் எள்ளோ கடலையோ கொப்பரையோ கொண்டுவருகிறார். கடைக்காரர் அதை அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே செக்கில் ஆட்டி, எண்ணெயாகத் தருகிறார். இந்தக் கடையை மற்றக் கடைகளிலிருந்து பிரித்துக் காட்டுவது, வாடிக்கையாளர் பார்க்கும்போதே வேலை நடக்கிறது என்பதுதான். ஆகவே முதலில் ஓசையைப் பற்றி நினைக்காமல் இப்படி எழுதிக்கொள்ள வேண்டும்: "நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே செக்கில் எண்ணெய் ஆட்டித் தருகிறோம்."

இந்த வாக்கியத்தில் நீக்க முடியாதவை மூன்று: பார்ப்பது, ஆட்டுவது, எண்ணெய். ஒவ்வொன்றுக்கும் அந்தக் கடைக்கு வருகிறவர்கள் சொல்லக்கூடிய மாற்றுச் சொற்களைப் பக்கத்தில் எழுதலாம். பார்ப்பதற்குக் கண்முன், கண்ணெதிரே, பார்க்க, காட்டி. ஆட்டுவதற்கு ஆட்டிய, ஆட்டும், ஆட்டி. எண்ணெய்க்கு எண்ணெய், நல்லெண்ணெய், கடலெண்ணெய். இனி இரண்டாம் எழுத்தை மட்டும் பார்த்துக்கொண்டு போனால் இரண்டு இணைகள் கண்ணில் படும்.

முதல் இணை காட்டி, ஆட்டி. இரண்டும் நெடிலில் தொடங்கி, அதற்குப் பின் முழுவதும் ஒன்றும் சிறந்த எதுகை. ஆனால் இவை அருகில் வந்ததும் "ஆட்டம் காட்டுவது" என்ற வழக்கு நினைவுக்கு வருகிறது; அதற்குப் பிடிகொடுக்காமல் அலைக்கழிப்பது என்று பொருள். நம்பிக்கையை விற்கும் கடைக்கு அந்த நிழல்கூட ஆகாது என்பதால் இந்த இணையை விட்டுவிட வேண்டியதுதான்.

இரண்டாவது இணை கண், எண்ணெய். "கண்முன் ஆட்டிய எண்ணெய்" என்று எழுதினால் 'ண்' என்ற இரண்டாம் எழுத்து மட்டும் ஒன்றும். "கண்ணெதிரே" என்று மாற்றினால், கண் என்பதும் எதிரே என்பதும் சேரும்போது ணகரம் இரட்டித்து 'ண்ணெ' என்று வருகிறது. எண்ணெய் என்பதிலும் அதே 'ண்ணெ' இருக்கிறது. கண்முன், கண்ணெதிரே இரண்டும் ஒரே பொருள், இரண்டும் எல்லோரும் பேசும் சொற்கள். ஆகவே இங்கே ஓசை எதையும் வளைக்காமல், இருந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்து தருகிறது. கிடைத்த வாசகம்:

கண்ணெதிரே ஆட்டிய எண்ணெய்

எதுகை முதல் சீரிலும் மூன்றாம் சீரிலும் விழுகிறது. இதைப் பொழிப்பு என்பார்கள். நடுவில் ஒரு சொல் இடைவெளி விடுவதால் காது முதல் ஓசையை வைத்துக்கொண்டு இரண்டாவதை எதிர்பார்க்க நேரம் கிடைக்கிறது. "மக்களைத் தேடி மருத்துவம்", "இல்லம் தேடிக் கல்வி" என்று 2021இல் தமிழ்நாட்டில் தொடங்கிய இரண்டு அரசுத் திட்டங்களின் பெயர்களிலும் இதே அமைப்பைக் காணலாம். முன்னதில் பொழிப்பு மோனை. பின்னதில் 'ல்' ஒன்றும் பொழிப்பு எதுகை. இரண்டிலும் திட்டம் என்ன செய்கிறது என்பதைச் சொல்லத் தேவையான சொற்களைத் தவிர வேறு எதுவும் இல்லை.

"மண்ணின் எண்ணெய்" என்று வைத்தால் பாரம்பரியம் என்ற பொருளும் வருமே?

எதுகை பொருந்தும். ஆனால் வேகமாகச் சொல்லிப் பாருங்கள். கேட்பவர் காதில் விழுவது மண்ணெண்ணெய். சமையலுக்கு வாங்கும் பொருளுக்கு அதைவிடக் கெட்ட நினைவு இருக்க முடியாது. ஓசை இரண்டு சொற்களை நெருக்கி வைக்கும்போது, அவை ஏற்கெனவே மொழியில் வேறு எங்கே சேர்ந்து வந்திருக்கின்றன என்பதையும் கூடவே இழுத்து வரும். "கண்ணில் எண்ணெய்" என்று எழுதினால், கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு காத்திருப்பது நினைவுக்கு வருவதும் இதே காரணத்தால்தான். கண்ணெதிரே என்ற வடிவமும் நடுவில் நிற்கும் 'ஆட்டிய' என்ற வினையும் அந்த நினைவை விலக்கிவிடுகின்றன. இப்படிப்பட்ட மோதலை எழுதியவர் தாமே கண்டுபிடிப்பது கடினம். வாசகத்தைக் காகிதத்தில் காட்டாமல் வாயால் சொல்லி, கேட்டவரைத் திரும்பச் சொல்லச் சொன்னால் உடனே தெரிந்துவிடும்.

ஒரே வாசகத்தைக் கடைப் பலகையிலும் பாட்டில் சீட்டிலும் போடலாமா?

ஓசை ஒத்துக்கொள்ளும், உண்மை ஒத்துக்கொள்ளாது. பக்கத்து ஊர் மளிகைக் கடையில் அந்தப் பாட்டிலை வாங்குகிறவர் எதிரே எண்ணெய் ஆட்டப்படவில்லை. பலகையில் உண்மையாக இருந்த "கண்ணெதிரே ஆட்டிய எண்ணெய்" பாட்டிலில் பொய்யாகிவிடும். அதே ஓசையைத் தக்கவைத்துக்கொண்டு சொற்களை இழுத்துப்பிடித்துச் சரிசெய்ய முயல்வதுதான் பலரும் செய்வது. அதைவிடப் பாட்டிலைப் பொறுத்தவரை உண்மையானது எது என்று புதிதாகக் கேட்பது நல்லது.

வெப்பமேற்றி வாசம் நீக்காமல் விற்கும் நல்லெண்ணெயில் எள்ளின் மணம் அப்படியே இருக்கும். பாட்டிலைத் திறந்தவுடன் வாங்கியவரே சோதித்துக்கொள்ளக்கூடிய செய்தி அது. "எள் வாசம் மாறாத எண்ணெய்" என்று எழுதினால், முதல் சீரும் நான்காம் சீரும் எகர மோனை கொள்கின்றன. நடுவில் நிற்கும் 'வா', 'மா' இரண்டும் ம-வ இனமோனை. இந்த நடு மோனையை யாரும் எண்ணிப் பார்க்கப் போவதில்லை, ஆனால் வாசகம் நாவில் வழுக்கிக்கொண்டு போவதற்கு அதுவும் காரணம். நல்லெண்ணெய் என்பதைச் சுருக்கி எண்ணெய் என்று வைத்ததால் குழப்பமும் இல்லை. எந்த எண்ணெய் என்பதை 'எள்' சொல்லிவிடுகிறது.

கடைசிச் சொல் ஒரே மாதிரி முடிந்தால் போதாதா? பாடல்களில் எல்லாம் அப்படித்தானே வருகிறது?

தமிழில் இறுதி ஒன்றுவது மிக எளிது. வினைகள் 'ஓம்' என்றோ 'உங்கள்' என்றோ முடியும். பெயர்கள் 'இல்' என்றோ 'உக்கு' என்றோ உருபேற்று முடியும். "உழைப்போம், உயர்வோம்" என்பதில் இறுதியில் ஒன்றுவது விகுதி மட்டுமே. அந்த ஒற்றுமை எந்த இரண்டு தன்மைப் பன்மை வினைகளுக்கும் இலவசமாகக் கிடைக்கும் என்பதால், காது அதற்கு மதிப்புத் தருவதில்லை.

ஒரு விதிவிலக்கு உண்டு. "தலைக்கவசம் உயிர்க்கவசம்" என்பதில் இறுதியில் திரும்ப வருவது விகுதியன்று, ஒரு முழுச் சொல். சொல்ல வந்த கருத்தே அந்தச் சொல்தான். தலையைக் காப்பதும் உயிரைக் காப்பதும் ஒன்றே என்று அந்தத் திரும்பல்தான் நிறுவுகிறது. இயைபை எடுத்துவிட்டால் கருத்தும் போய்விடும் என்ற நிலை இருந்தால் மட்டும் இயைபைத் தலைமையாக வைக்கலாம்.

அன்பு-பண்பு, வளம்-நலம், சிறு-பெரு: இதெல்லாம் எதுகைதானே?

மூன்றும் ஒரே நிலை அல்ல. 'அன்பு'வில் இருப்பது றன்னகரம், 'பண்பு'வில் இருப்பது டண்ணகரம், எழுத்து ஒன்றவில்லை. ஆனால் இரண்டும் மெல்லினம் என்பதால் இன எதுகை என்று ஏற்பதுண்டு. வளம், நலம் இரண்டும் அப்படியே. ளகரமும் லகரமும் இடையினம். ழகரத்தை ளகரமாகச் சொல்லும் வழக்கு பல ஊர்களில் இருப்பதால், ல, ள, ழ கலந்த இணைகள் கேட்பவருக்குத் தடையாக இருப்பதில்லை. எனினும் பலகையில் எழுத்தாக நிற்கும்போது வேறுபாடு கண்ணுக்குத் தெரியும். ஒரே எழுத்தில் மாற்று கிடைக்கும்வரை இன எதுகையைத் தள்ளிவைப்பதே என் வழக்கம்.

'சிறு', 'பெரு' இன எதுகைகூட இல்லை. றகரம் வல்லினம், ரகரம் இடையினம். "சிறு துளி பெரு வெள்ளம்" நினைவில் நிற்பதற்குக் காரணம் சிறிதும் பெரிதும் எதிரெதிரே நிற்கும் முரண். ஓசை கிடைக்காத இடத்தில் முரணைத் தேடலாம் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. முரண் பொருளிலேயே அமைவதால், அதற்காகப் பொருளை வளைக்க வேண்டிய நெருக்கடி அரிதாகவே வரும்.

பஸ், கியாரண்டி மாதிரி சொற்களை வைத்து மோனை எழுதலாமா?

எழுதலாம், ஆனால் காதால் சரிபார்த்து எழுத வேண்டும். 'பஸ்', 'பயணம்' இரண்டும் பகரத்தில் தொடங்கினாலும் ஒலி வேறு. 'கியாரண்டி'யின் ககரமும் 'கிடைக்கும்' என்பதன் ககரமும் அப்படியே. எழுத்தில் மட்டும் உள்ள மோனை வானொலியில் காணாமல் போகும். 'டீ', 'டிபன்' போன்ற இணைகளில் எழுத்தும் ஒலியும் ஒன்றுவதால் சிக்கலில்லை.

ஓசைக்காக எழுதிய வாசகத்தால் சட்டச் சிக்கல் வருமா?

உணவுப் பொருளில் வரும். செக்கு எண்ணெய்க்கு "நோய்க்கு ஓய்வு" என்று எழுதத் தோன்றும். 'நோய்', 'ஓய்' இரண்டும் நெடிலில் தொடங்கி யகர ஒற்றில் ஒன்றும் நல்ல எதுகை. ஆனால் அது நோயைத் தீர்க்கும் என்ற உரிமைகோரல். இந்திய உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணய ஆணையத்தின் விளம்பரங்கள், உரிமைகோரல்கள் தொடர்பான 2018ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள், தனியாக அனுமதிக்கப்பட்டவை தவிர, உணவு நோயைத் தடுக்கும் அல்லது குணப்படுத்தும் என்று சொல்வதைத் தடுக்கின்றன. எதுகை தேடும்போது கை தானாக நோய், வலி, ஆயுள் என்ற பக்கம் போகும். உணவு வாசகம் எழுதுகிறவர் அந்தச் சொற்களைத் தொடக்கத்திலேயே பட்டியலிலிருந்து எடுத்துவிடுவது நல்லது.

பலகை எழுதுகிறவரிடம் கொடுக்கும்போது என்ன சொல்ல வேண்டும்?

வரி எங்கே உடைய வேண்டும் என்பதையும் எழுத்துக்கூட்டலையும் எழுதியே கொடுக்க வேண்டும். "கண்ணெதிரே ஆட்டிய" என்பதை மேல் வரியிலும் "எண்ணெய்" என்பதைக் கீழ் வரியின் தொடக்கத்திலும் வைத்தால், 'கண்ணெ'வுக்கு நேர் கீழே 'எண்ணெ' வந்து எதுகை கண்ணுக்கும் தெரியும். இடம் போதவில்லை என்று "கண்ணெதிரே" மட்டும் மேலேயும், "ஆட்டிய எண்ணெய்" கீழேயும் போனால் இந்த நேர்க்கோடு கலைந்துவிடும். "கண் எதிரே" என்று பிரித்து எழுதவும் விடக்கூடாது. ணகர இரட்டிப்பு மறைந்துவிடும். பல கடைப் பலகைகளில் இருப்பதுபோல் "எண்ணை" என்று எழுதிவிட்டால், பிழை என்பதோடு 'ணெ' ஒன்றும் பொருத்தமும் போய், 'ண்' மட்டும் மிஞ்சும். வண்ணம் பூசுவதற்கு முன் சுண்ணக்கட்டியால் கோடிட்டுக் காட்டச் சொல்லி, தெருவின் எதிர்ப்பக்கத்தில் நின்று ஒருமுறை உரக்கப் படித்துப் பார்த்துவிட்டுச் சரி என்று சொல்லுங்கள்.